எந்தச் சத்தம் திரும்பி வந்தது?

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் "முன்ன மாதிரி சத்தத்தை அடக்க மாட்டேங்குது" என்று யாராவது புலம்பினால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சத்தம் திரும்பி வந்திருக்கிறது? ஃபேனின் உர்ர், ஏசி வெளிப்பெட்டியின் இரைச்சல், பஸ் என்ஜின் ஓசையா? பக்கத்து மேஜைக்காரரின் பேச்சும் குக்கர் விசிலுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பழுது எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். பதில் சொல்லத் தெரியாமல் நேராகப் புதிய ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

இந்தக் கருவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, காதை மூடுவது. காதைச் சுற்றி உட்காரும் இயர்பேடும், அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் அதைச் செய்கின்றன. பேச்சின் கூர்மையான பகுதி, விசில், பாத்திரச் சத்தம் போன்ற உயர்ந்த ஓசைகள் இந்த மூடலிலேயே பெரும்பாலும் தடைபடும். இதற்குக் கரன்ட் வேண்டாம்.

இன்னொன்று மின்னணு வேலை. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இருக்கும் மைக் வெளிச் சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே, ஸ்பீக்கருக்கு முன்னால் இன்னொரு மைக், காதருகே மிச்சம் என்ன சத்தம் இருக்கிறது என்று பார்க்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, வரும் ஒலியலை காற்றை அழுத்தும் நேரத்தில் ஸ்பீக்கர் காற்றைத் தளர்த்துகிறது. அலை தளர்த்தும்போது ஸ்பீக்கர் அழுத்துகிறது. இரண்டும் கூடிக் கழிந்துபோகின்றன. இந்த யோசனை பழையது. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் இதற்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைக் காதில் மாட்டும் பொருளாக்க எலக்ட்ரானிக்ஸ் வளர வேண்டியிருந்தது. 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் என்ஜின் இரைச்சலால் எரிச்சலடைந்த அமர் போஸ் கணக்குப் போடத் தொடங்கினார். அவர் நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1989-இல்தான்.

மின்னணு வேலைக்கு ஓர் எல்லை உண்டு. எதிர் அலை மிகச் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும். ஓர் அலைச் சுற்றின் ஆறில் ஒரு பங்கு நேரம் பிசகினால் பலன் பூஜ்யம். அதற்கு மேல் பிசகினால், கழிவதற்குப் பதில் சத்தம் கூடிவிடும். வினாடிக்கு 100 முறை அதிரும் கனத்த இரைச்சல் என்றால், அந்த ஆறில் ஒரு பங்கு ஒரு வினாடியின் அறுநூறில் ஒரு பாகம். 500 முறை அதிரும் ஓசைக்கு மூவாயிரத்தில் ஒரு பாகம்தான் கிடைக்கும். ஓசை உயர உயர அவகாசம் சுருங்கிக்கொண்டே போகிறது. சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மின்னணுப் பகுதி பொதுவாகக் கையை விரித்துவிடும். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது இயர்பேட்.

ஆகவே பேச்சும் விசிலும் மட்டும் கூடுதலாகக் கேட்டால் முதல் சந்தேகம் இயர்பேட் மேல். கனத்த உர்ர் திரும்பி வந்திருந்தால் இயர்பேடோ மைக்கோ இரண்டுமோ காரணமாக இருக்கலாம். அங்கேதான் சோதனை தேவைப்படுகிறது.

கனத்த இரைச்சலுக்கும் இயர்பேடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஸ்பீக்கர் உண்டாக்கும் எதிர் அழுத்தம் நிற்க மூடிய இடம் வேண்டும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை மெல்ல அழுத்தினால் காற்று டியூபுக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். வேகமாக அடித்தால் கொஞ்சமாவது போகும். இங்கேயும் அதே கதை. மெல்ல அசையும் கனத்த ஓசைகளின் அழுத்தம் சின்னச் சந்து கிடைத்தாலும் வெளியே வழிந்துவிடும். அதனால்தான் இயர்பேட் நைந்தால் பாட்டின் பாஸும் சேர்ந்து மெலிகிறது. "ஃபேன் சத்தம் கேக்குது, பாட்டும் சப்புன்னு இருக்கு" என்று ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னால், கசிவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு போகும் இடத்தில் இந்தச் சந்து எப்போதும் உண்டு. புதிய இயர்பேடின் நுரை அந்தக் காம்பைச் சுற்றி அமிழ்ந்து அடைத்துக்கொள்ளும். தட்டையாகிப்போன பழைய நுரையால் அது முடியாது.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பாட்டை நிறுத்தி, நாய்ஸ் கேன்சலிங்கை இயக்கி, ஃபேன் ஓடும் அறையில் உட்காருங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு சேர்த்து அழுத்துங்கள். மைக் துளைகளை மறைக்காமல், விளிம்பைப் பிடித்து அழுத்த வேண்டும். அழுத்தும்போது இரைச்சல் குறைந்து, கையை எடுத்ததும் திரும்பினால், கசிவுதான். இடது, வலது என்று தனித்தனியாகவும் செய்து பார்க்கலாம்.

அடுத்தது மைக். வெளி மைக் துளை சிறியது; பெரும்பாலும் ஒரு மெல்லிய கோடு போன்ற வெட்டு, அல்லது புள்ளி அளவு வலை. நம் ஊரில் அதற்கு எதிரிகள் அதிகம். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், முகத்துப் பவுடர், வியர்வை உப்பு, பையின் அடியில் சேர்ந்த தூசி எல்லாம் கலந்து ஒரு பசையாகி வலையில் படிகிறது. முழுக்க அடைந்தால் மைக்குக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். பாதி அடைந்தால் தொல்லை நுட்பமானது: ஒலி மங்கலாகவும் கொஞ்சம் தாமதித்தும் மைக்கை அடைகிறது. மேலே சொன்ன கணக்கில் தாமதம் என்றால் என்ன ஆகும் என்று பார்த்தோம். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டு தவறான எதிர் அலையை உள்ளே அனுப்புகிறது.

வெளி மைக்கைச் சோதிக்க, இந்த ஹெட்போன்களில் பெரும்பாலும் இருக்கும் இன்னொரு வசதி கைகொடுக்கும். ஆம்பியன்ட் என்றோ டிரான்ஸ்பரன்ஸி என்றோ பெயர் வைத்திருப்பார்கள். வெளிச் சத்தத்தை வேண்டுமென்றே உள்ளே கேட்க வைக்கும் முறை அது. அதே வெளி மைக்குகள்தான் அதற்கும் உழைக்கின்றன. அதை இயக்கிவிட்டு, வலக் காதுக்குப் பக்கத்தில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உரசுங்கள், பிறகு இடப்பக்கம். இரண்டும் ஒரே அளவு கூர்மையாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகக் கேட்டால், அந்தப் பக்கத்து மைக் அடைந்திருக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் முழு அடைப்பு, அல்லது மைக்கே செத்துவிட்டது. இரு பக்கமும் தெளிவாகக் கேட்டு, கிண்ணத்தை அழுத்தியும் மாற்றமில்லை, ஆனால் நாய்ஸ் கேன்சலிங் மட்டும் ஒரு பக்கம் மோசம் என்றால், பார்வையை உள் மைக் பக்கம் திருப்ப வேண்டும்.

என் அத்தை மகன் வேளச்சேரியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். மூன்று வருடமாக ஒரே ஹெட்போன். "அண்ணா, வலது பக்கம் போயிடுச்சு. உஸ்ஸுன்னு சத்தம் வேற. பேட்டரிதான் வீக்குன்னு நினைக்கிறேன்" என்று கொண்டுவந்தான். ஆப்பில் பேட்டரி 70 சதவீதம் காட்டியது. அழுத்திப் பார்த்தோம். இடப்பக்கம் மாற்றமே இல்லை. வலப்பக்கம் இரைச்சல் ஓரளவு குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இயர்பேடை உற்றுப் பார்த்தபோது வலப்பக்க நுரை இடப்பக்கத்தைவிடத் தட்டையாக இருந்தது. வலப்புறம் ஒருக்களித்துப் படுத்துப் படம் பார்க்கிற பழக்கம். ஆம்பியன்ட்டில் விரலை உரசியபோது வலது பக்கம் மந்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், வெளி மைக் வெட்டில் வெள்ளையாகப் பசை. ஆக, ஒரே பக்கத்தில் இரண்டு கோளாறுகள்.

முதலில் மைக். துளை தரையைப் பார்க்கும்படி ஹெட்போனைக் கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் (குழந்தைகளுக்கான டூத் பிரஷ் போதும்) ஒரே திசையில் தள்ளித் தள்ளி எடுத்தோம். கவிழ்த்துப் பிடிப்பது முக்கியம். தளர்ந்த தூள் உள்ளே போகாமல் கீழே விழ வேண்டும். ஊசி, குண்டூசி, பல்குச்சி எதுவும் கூடாது. வாயால் ஊதவோ, கம்ப்யூட்டர் கடைகளில் விற்கும் அழுத்தக் காற்று டப்பாவை அடிக்கவோ கூடாது. வலைக்குப் பின்னால் இருக்கும் மைக்கின் சவ்வு முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு பலத்த ஊதலில் கிழியக்கூடும். ஸ்பிரிட், தண்ணீர் ஊற்றுவதும் அழுக்கைக் கரைத்து உள்ளே அனுப்பும் வேலைதான். அவன் வியர்வையோடு மாட்டுகிறவன் என்பதால், பிறகு ஓர் இரவு முழுக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைத்தோம். ஹேர் டிரையர் சூடு காட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பசை ஒட்டிய பாகங்களும் பேட்டரியும் அதே கிண்ணத்தில்தான் இருக்கின்றன.

மறுநாள் ஆம்பியன்ட் இரு பக்கமும் சமமாகிவிட்டது. உஸ் சத்தமும் போய்விட்டது. ஆனால் ஃபேன் இரைச்சல் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அது இயர்பேடின் பங்கு. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டான். பழையதைவிடத் தடிமன், மெத்து மெத்தென்று சுகம். இரைச்சலோ அப்படியே இருந்தது, பாட்டும் வேறு மாதிரி ஒலித்தது. அந்த மாடலுக்கென்றே அச்செடுத்த வேறொரு ஜோடி வந்த பிறகுதான் இரு பக்கமும் ஒரே அளவில் அடங்கின.

சுகமான இயர்பேட் ஏன் தோற்றது? உள் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையே இவ்வளவு இடம் இருக்கும் என்று ஒரு கணக்கை வைத்துத்தான் தொழிற்சாலையில் கருவியைச் சரிசெய்திருக்கிறார்கள். தடிமன் மாறினால் அந்த இடம் மாறும். துணி போர்த்திய இயர்பேட் என்றால் காற்று துணி வழியாகவே கசியும். வெயிலுக்கு இதமாக இருக்கும், இரைச்சலை அடக்காது. சிலவற்றில் உள்பக்க வலைத்துணி கெட்டியாக இருந்து உள் மைக்கின் வாயை மறைத்துவிடும். 2019-இல் போஸ் நிறுவனத்தின் கியூசி35 வைத்திருந்த பலர், ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு நாய்ஸ் கேன்சலிங் குறைந்துவிட்டது என்று கொதித்தார்கள். நிறுவனம் சில வாடிக்கையாளர்களின் வீட்டுக்கே ஆளனுப்பிச் சோதித்து, புதுப்பிப்பு அந்தப் பகுதியை மாற்றவில்லை என்று அறிவித்தது. சில ஹெட்போன்களில் வேறு கம்பெனி இயர்பேட் மாட்டியிருந்ததும் அந்தச் சோதனையில் தெரியவந்தது. எல்லாப் புகார்களுக்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மென்பொருளைத் திட்டும் முன் இயர்பேடைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

இயர்பேடின் தோல் உண்மையான தோல் அல்ல, பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரப்பதமே அதை மெல்லச் சிதைக்கும். கறுப்புச் செதில்களாக உரிந்து காதோரம் ஒட்டிக்கொள்வது அந்தச் சிதைவுதான். பீரோவில் பத்திரமாக வைத்திருந்த ஹெட்போனிலும் இது நடக்கும். கடற்கரை ஊர்களில் சீக்கிரமே நடக்கும். உரிந்த செதில்கள் உள் மைக்கின் வலையில் போய் உட்காருவது உபரித் தொல்லை. உபயோகித்த பிறகு லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் ஆயுள் கூடும். சானிட்டைசர் தடவினால் குறையும். மாற்றும்போது இடது, வலது அடையாளத்தைப் பாருங்கள். சில மாடல்களில் வடிவம் வேறு. சிறிய கொக்கிகளில் மாட்டியிருக்கும் வளையத்தை ஓரிடத்தில் விரல்நகம் கொடுத்துக் கிளப்பி, சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரே இடத்தில் பிடித்து இழுத்தால் கொக்கி உடையும். பிறகு அந்த மூலையில் நிரந்தரக் கசிவு.

இனி உஸ் சத்தம். கொஞ்சம் உஸ் இருப்பது இயல்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. எந்த மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தன் சொந்தச் சத்தம் ஒன்று உண்டு. இரவு அமைதியான அறையில் நாய்ஸ் கேன்சலிங்கை இயக்கினால், இரு காதிலும் ஒரே அளவில் மெல்லிய, ஒரே சீரான உஸ் கேட்கும், அணைத்தால் போய்விடும். பகலில் அதே உஸ் இருந்தும் மற்ற சத்தத்தில் அமுங்கியிருக்கும். இதற்காக யாரும் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு வகை. ஒரு காதில் மட்டும் வருவது, தாடையை அசைத்தால் அல்லது நடந்தால் கூடுவது, சரசர, படபட என்று வெடிப்பது, வெளியே சத்தம் ஏற ஏறத் தானும் ஏறுவது. ஈரமோ அடைப்போ பழுதடைந்த மைக்கோ இப்படிப் பேசும். சில சமயம் அது உற்பத்திக் குறையாகவே இருக்கும். 2020 அக்டோபருக்கு முன் தயாரான ஏர்பாட்ஸ் புரோக்களில் சிலவற்றுக்கு ஆப்பிள் இலவச மாற்றுத் திட்டம் அறிவித்தபோது குறிப்பிட்ட அறிகுறிகள் ஏறக்குறைய இவையே: சத்தமான இடத்தில், உடற்பயிற்சியில், போனில் பேசும்போது கூடும் சரசரப்பு, பாஸ் குறைவது, தெரு, விமான இரைச்சல் அதிகமாகக் கேட்பது. பிரஷ் போட்டு உலர்த்தியும் இப்படிச் சத்தம் தொடர்ந்தால், உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது திட்டம் உண்டா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

ஃபேனுக்கு நேர் கீழே சோதிக்க வேண்டாம் என்றதன் காரணம் இதுதான். காற்று வெளி மைக் மேல் நேராக மோதினால் மைக் அதைச் சத்தமாகவே எடுத்துக்கொள்ளும். காதில் புஃப் புஃப் என்று கேட்கும். பைக்கின் பின் சீட்டிலும் மொட்டை மாடியிலும் நடப்பது இதுவே. நாற்காலியை நான்கடி நகர்த்தினால் தீர்ந்துபோகும் இந்தப் "பழுது"க்காக ஹெட்போனை விற்றவர்களை எனக்குத் தெரியும். ஹெட்போனைக் கையில் பிடித்து உள்ளங்கையால் கிண்ணத்தை மூடும்போது கீச் என்று கத்துவதும் அப்படியே. உள் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒலி சுற்றிச் சுற்றி வருவதால் எழும் கூச்சல் அது. தலையில் ஒழுங்காக மாட்டியிருக்கும்போதும் அப்படிக் கத்தினால்தான் இயர்பேடையும் உள் மைக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். இதன் மேல் அநியாயமாகப் பழி விழுகிறது. பேட்டரி பாதியாக இறங்கினால் நாய்ஸ் கேன்சலிங் பாதியாகக் குறையாது. பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கினாலும் உள்ளே இருக்கும் சுற்று மைக்குக்கும் சிப்புக்கும் ஒரே சீராக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரேயடியாக அணைந்துவிடும். 70 சதவீதத்தில் ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பேட்டரி உண்மையில் மூத்துப்போனால் காட்டும் அறிகுறிகள் வேறு. 30 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே சத்தமான பாட்டின் நடுவே அணைந்துபோவது அதில் முக்கியமானது. வயதாகி உள்தடை கூடிய பேட்டரியால் திடீர்த் தேவையைத் தாங்க முடியாது. முழுக்க சார்ஜ் செய்து, வழக்கமான ஒலியளவில், நாய்ஸ் கேன்சலிங் இயக்கத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒருமுறை குறித்துப் பாருங்கள். பெட்டியில் போட்ட எண்ணில் பாதிக்குக் கீழே வந்தால் மாற்றும் காலம். பெட்டியில் எந்த எண் என்பதையும் கவனிக்க வேண்டும்: சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 நாய்ஸ் கேன்சலிங்கோடு 30 மணி நேரம், அது இல்லாமல் 38 மணி நேரம்.

இந்த எண்ணில் இன்னொரு செய்தி இருக்கிறது. லித்தியம் பேட்டரி சுமார் 500 முழுச் சுற்றுகளைத் தாங்கும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். 30 மணி நேர ஹெட்போனுக்கு அது 15,000 மணி நேரம். தினம் 4 மணி நேரம் கேட்டாலும் பத்து வருடம் தாண்டும். அதாவது பெரிய ஹெட்போனின் பேட்டரி கேட்டுக் கேட்டுத் தேய்வதைவிட, வெயிலில் நிறுத்திய காரில் வெந்தும், காலியாக மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தும் கெடுவதே அதிகம். காதுக்குள் செருகும் வகையின் கணக்கு தலைகீழ். ஒரு சார்ஜுக்கு நாலரை மணி நேரம் ஓடும் முதல் ஏர்பாட்ஸ் புரோவுக்கு அதே 500 சுற்று 2,250 மணி நேரம்தான். தினம் 4 மணி நேரம் என்றால் ஒன்றரை வருடத்தில் தளர்ச்சி தெரியத் தொடங்கும். அதன் பேட்டரியை வீட்டில் மாற்ற வழியில்லை. பெரிய ஹெட்போன்கள் பலவற்றில் நல்ல கடைக்காரரால் முடியும். பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து மூடுங்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் பேட்டரியும் இரைச்சலும் நேராகச் சந்திக்கும். பேட்டரி உப்பினால் கிண்ணத்தின் இரு பாதிகளுக்கு நடுவே இணைப்புக் கோடு விரியும்; அந்த விரிசல் வழியாக ஒலி கசியும். கோட்டில் நகம் நுழையும் அளவு இடைவெளியோ, ஒரு பக்கம் மட்டும் வழக்கமற்ற சூடோ தெரிந்தால் சார்ஜ் செய்வதை அப்போதே நிறுத்த வேண்டும். அழுத்தி மூடிப் பார்க்கக் கூடாது.

இவையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு பக்கம் அடங்கவில்லை என்றால், மிஞ்சுவது உள் மைக், அதற்குப் போகும் மெல்லிய ஒயர், சர்க்யூட் போர்டு. ஒயரில் சந்தேகம் என்றால், தலைப்பட்டையை மடக்கி விரிக்கும்போது சத்தம் விட்டு விட்டு மாறுகிறதா என்று பாருங்கள். மடியும் இடத்தில்தான் அது அறும். மைக்கை மட்டும் மாற்றிக் கொடுக்கிற கடை குறைவு. மாற்றினாலும் புதிய மைக்கின் உணர்திறன் பழையதோடு பொருந்த வேண்டும். எதிர் அலை பத்து சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ, நேரம் துல்லியமாக இருந்தும் இரைச்சலில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். ஆகவே கம்பெனி சர்வீஸில் ஒரு பக்கக் கிண்ணத்தையோ முழு ஹெட்போனையோ மாற்றித் தருவதாகச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கடைக்குப் போகும்போது "சத்தத்தை அடக்கல" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம், எந்தச் சத்தம், அழுத்தினால் குறைகிறதா, ஆம்பியன்ட்டில் இரு பக்கமும் சமமா, இயர்பேட் எப்போது மாற்றியது என்று சொன்னால், கவுன்ட்டரில் இருப்பவர் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.